அப்பா எந்தப் படியில் இருக்கிறார்?

அம்மா இறந்த ஏழாவது வாரம் அக்கா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். மாடிப்படி மாதிரி ஐந்து கட்டங்கள். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. அதன் கீழே, “அப்பா இன்னும் மொதப் படியிலயே நிக்கிறாருன்னு தோணுதுடா. நீதான கூட இருக்க, பேசிப் பாரு.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்பா அழவில்லை. மண்டாய் தகனச்சாலையில்கூட அழவில்லை. பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மறுநாள் காலை, சாப்பாட்டு மேசையில் கோப்புகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எஸ்பி பில் அம்மா பேரில் வருகிறது, மாற்றணும். அம்மாவின் மத்திய சேம நிதிப் பணம் உயிலுக்குள் வராது, அவர் யாரை நியமனம் செய்திருந்தார் என்று பார்க்கணும். வீவக வீடு இருவர் பேரிலும் கூட்டு உரிமையில் இருந்ததால் அப்பாவுக்கே வரும். ஆனாலும் நில ஆணையத்தில் பதிவைத் திருத்தணும். இதற்கெல்லாம் சிங்பாஸ் வேண்டும். முப்பது வருஷமாக இந்த வீட்டில் எந்தப் படிவத்தையும் நிரப்பியது அம்மாதான். அப்பாவுக்குத் தன் மறைச்சொல்லே தெரியாது.

ஒரு ராத்திரி அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். “மனசுல இருக்கறதச் சொல்லுங்கப்பா.”

“என்னத்தடா சொல்லச் சொல்ற? இந்த பாரத்துல எங்க கையெழுத்துப் போடணும்னு பாரு.”

நான் பொறுமை இழந்தேன். “அம்மா போயிட்டாங்கங்கறதையே நீங்க இன்னும் ஏத்துக்கலப்பா” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோப்பை மூடினார். அறைக்குள் போய்விட்டார். அதன் பிறகு மூன்று நாள் எங்களுக்குள் சரியான பேச்சே இல்லை.

அந்த மூன்று நாளில்தான் அந்த ஐந்து படிகளும் எங்கிருந்து வந்தன என்று தேட ஆரம்பித்தேன். ஒரு அளவுகோலை வைத்து என் அப்பாவை அளந்துவிட்டேன். அது எதை அளப்பதற்காகச் செய்யப்பட்டது என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை.

*

எலிசபெத் குப்லர்-ராஸ் சுவிட்சர்லாந்தில் பிறந்த மனநல மருத்துவர். 1965-இல் அவர் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, இறையியல் மாணவர்கள் சிலர் அவரிடம் உதவி கேட்டு வந்தார்கள். மனித வாழ்வின் நெருக்கடிகளைப் பற்றி எழுத வேண்டும், மரணத்தைவிடப் பெரிய நெருக்கடி எது, அதை எப்படி ஆராய்வது என்று கேட்டார்கள். சாகக் கிடப்பவர்களிடமே கேட்கலாம் என்றார் அவர். நோயாளியிடம் அவர் சாகப்போகிறார் என்பதையே மருத்துவர்கள் சொல்லாத காலம் அது. இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அவர் உட்கார்ந்து பேசினார். அதிலிருந்து 1969-இல் ‘ஆன் டெத் அண்ட் டையிங்’ என்ற புத்தகம் வந்தது. ஐந்து படிகள் அதில் உள்ளவை.

ஆக அந்தப் படிகள் சாகப்போகிறவருடையவை. துணையை இழந்தவருடையவை அல்ல. இப்படி வாசித்தால் ‘பேரம்’ என்ற படி சட்டென்று புரியும். என் பையன் கல்யாணம் வரைக்கும் இருந்துவிட்டால் போதும், கடவுளே, என்று நோயாளி பேரம் பேசலாம். இறந்துபோனவரின் கணவர் எதற்குப் பேரம் பேசுவார்? படிகள் ஒன்றன் மேல் ஒன்று படியலாம், சேர்ந்தே இருக்கலாம் என்று குப்லர்-ராஸ் அந்தப் புத்தகத்திலேயே எழுதியிருந்தார். ஆனால் பயிற்சி வகுப்புகளும் துண்டறிக்கைகளும் எடுத்துக்கொண்டது பட்டியலை மட்டும்தான். அவர் 2004-இல் இறந்தார். துக்கத்துக்கு அந்தப் படிகளைப் பொருத்தி டேவிட் கெஸ்லரோடு அவர் எழுதிய புத்தகம் அடுத்த ஆண்டு வந்தது. படிகள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டுவிட்டன என்ற வருத்தத்தோடுதான் அது தொடங்குகிறது.

அவருக்கு முன்பும் துக்கத்துக்கு ஒரு பாதை வரையப்பட்டிருந்தது. 1917-இல் ஃபிராய்ட், துக்கம் என்பது ஒரு வேலை என்றார். இறந்தவரோடு கட்டியிருக்கும் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். அதைச் செய்யாதவர் நோயுறுவார் என்ற எண்ணம் பின்னால் வந்த மருத்துவர்களிடம் உறைந்துவிட்டது. ‘அழுதுட்டா சரியாயிடும்’ என்று நம் வீடுகளில் சொல்வதும், ஆலோசகர் மேசையில் ‘உணர்ச்சியை எதிர்கொள்ளுங்கள்’ என்று சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிற்பாடு இதை அளந்தும் பார்த்தார்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகக் குழு ஒன்று, இயற்கையான காரணங்களால் உறவினரை இழந்த 233 பேரை இரண்டாண்டு வரை பின்தொடர்ந்து 2007-இல் கட்டுரை வெளியிட்டது. படிநிலைக் கருத்துக்கு ஆதரவாகத்தான் அது பரவலாகப் படிக்கப்பட்டது. ஆனால் முடிவுகளைப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. முதல் மாதங்களிலேயே மிகுதியாக இருந்தது ‘ஏற்பு’தான். வலி தரும் உணர்வுகளில் முன்னால் நின்றது ஏக்கம். மறுப்பு அல்ல, கோபம் அல்ல, மனச்சோர்வும் அல்ல. அம்மா இல்லை என்பது அப்பாவுக்கு முதல் நாளே தெரியும். கோப்புகளைப் பரப்பியதே அது தெரிந்ததனால்தான்.

*

1999-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்கட் இருவரும் ‘டெத் ஸ்டடீஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். துணையை இழந்தவர்கள் அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்பதிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். இழந்தவர் முன்னால் இரண்டு விதமான பாரம் இருக்கிறது என்றார்கள்.

ஒன்று, இழப்பு. அழுவது, ஏங்குவது, புடவையை முகர்ந்து பார்ப்பது, கடைசி நாளை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பது எல்லாம் இந்தப் பக்கம். இன்னொன்று, அந்த இழப்பால் குலைந்துபோன வாழ்க்கை. யார் சமைப்பது, யார் பில் கட்டுவது, கல்யாண வீட்டுக்கு யாரோடு போவது, இனி நான் யார் என்பதெல்லாம் அந்தப் பக்கம். இதை அவர்கள் மீட்டமைப்பு என்ற பொருளில் சொன்னார்கள். நான் சீரமைப்பு என்கிறேன்.

இரண்டையும் ஒரே நேரத்தில் சுமக்க முடியாது. ஆகவே மனிதர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிறார், திரும்ப வருகிறார். ஒரே நாளில் பல முறைகூட. நடுநடுவே இரண்டையும் விட்டுவிட்டு டிவி பார்க்கிறார், தூங்குகிறார். அதுவும் தேவைதான். ஊசலாட்டம் என்று எழுதினால் தமிழில் ‘முடிவெடுக்க முடியாமல் தடுமாறுவது’ என்ற வாடை வந்துவிடும். இயற்பியலில் சொல்லும் ‘அலைவு’தான் சரி. இங்கே அலைவு தடுமாற்றம் அல்ல, சமாளிக்கும் முறையே அதுதான்.

இதில் எளிதாகத் தவறிப்போகும் ஒரு விஷயம் உண்டு. சீரமைப்புப் பக்கம் என்றால் ‘தேறிவிட்டார்’ என்று பொருள் இல்லை. அது நல்ல பக்கம், இது கெட்ட பக்கம் என்றும் இல்லை. சிங்பாஸ் திறக்காமல் மேசையில் உட்கார்ந்திருக்கும் அறுபத்து நான்கு வயதுக்காரர் அனுபவிப்பதும் துக்கத்தின் துன்பமேதான். அதேபோல, கொஞ்ச நேரம் இழப்பை நினைக்காமல் விலகி இருப்பது நோய் இல்லை. ‘மறுப்பு’ என்று நான் பெயர் வைத்தது மூச்சு வாங்கும் நேரமாக இருக்கலாம்.

எவ்வளவு தூரம் விலகலாம்? இலங்கைப் பொருளியலாளர் சோனாலி தெரணியகல 2004 ஆழிப்பேரலையில் யால கடற்கரையில் கணவரையும் இரண்டு மகன்களையும் பெற்றோரையும் ஒரே காலையில் இழந்தார். அவர்கள் வாழ்ந்த லண்டன் வீட்டுக்குள் காலடி வைக்க அவருக்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆயின. பின்னர் அந்த வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகிறார். நியூயார்க்கில் வேலை, நடுவில் வீடு, மறுபடி நியூயார்க். 2013-இல் வந்த அவருடைய ‘வேவ்’ புத்தகத்தில் படி எதுவும் இல்லை. தாங்கக்கூடிய அளவுக்கு உள்ளே போவதும் வெளியே வருவதும்தான் இருக்கிறது. போகப் போக உள்ளே இருக்கும் நேரம் கூடுகிறது. பிள்ளைகளின் நினைவுக்கு அருகில் இருக்கும்போதுதான் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கிறது. மறந்து தேறுவது என்ற கணக்கு அங்கே தலைகீழாகிறது.

*

இதைப் படித்த பிறகு அப்பாவை வேறு மாதிரி கவனிக்க ஆரம்பித்தேன். நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்கு அப்பாவும் நானும் லிட்டில் இந்தியா எம்ஆர்டியில் இறங்கினோம். தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சி வாங்கினார். நெஞ்செலும்பு வேண்டும், கொழுப்பு எடுத்துவிடுங்கள் என்று சரியாகச் சொன்னார். அம்மாவோடு போகும்போது பை தூக்கிக்கொண்டு பின்னால் நிற்பவர். இது புதிய வேலை, அவர் அதைக் கற்றுக்கொண்டிருந்தார். அங்கிருந்து பஃபலோ சாலையில் முருங்கைக்காய், கத்தரிக்காய் வாங்கினோம். பக்கத்துப் பூக்கடை அம்மா எங்களைப் பார்த்ததும் பழக்கத்தில் மல்லிகையை முழம் போட ஆரம்பித்து, “அக்கா வரலியா அண்ணே?” என்று கேட்டார்.

அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. காய்கறிக் கூடைகளுக்கு நடுவில், அத்தனை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், நின்றபடியே அழுதார். அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பூவை வாழையிலையில் சுற்றிக் கையில் வைத்தார். காசு வாங்க மறுத்தார். அப்பா விடாமல் கொடுத்தார்.

ஐந்து நிமிடம் இருக்கும். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இஞ்சி வாங்கினமா?” என்றார். வாங்கவில்லை. திரும்பிப் போய் வாங்கினோம். வீட்டுக்கு வந்து பூவைப் படத்துக்குப் போட்டார். பிறகு கைபேசியை எடுத்து, அம்மா எழுதி வைத்திருந்த கைமருந்துச் சீட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பச் சொல்லித் தந்தேன். மத்தியானம் தூங்கினார். சாயங்காலம் ரசம் வைத்தார், உப்பு கூடிப்போனது, “உங்கம்மா இருந்தா திட்டியிருப்பா” என்று சிரித்தார். சிரித்து முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது.

ஒரு நாளில் எத்தனை முறை அங்கும் இங்கும் போய் வந்தார் என்று எண்ணிப் பாருங்கள். படிக்கட்டை வைத்துப் பார்த்தால், காலையில் ஏற்பில் இருந்தவர் ஒன்பது மணிக்குக் கீழே உருண்டுவிட்டார் என்று ஆகும். அக்காவிடம் அப்படிச் சொல்லியிருந்தால் பயந்திருப்பாள். அலைவாகப் பார்த்தால் அது ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை.

*

நான் பார்ப்பது கட்டடங்களின் குளிர்நீர்ப் பம்புகளில் அதிர்வை அளக்கும் வேலை. அதனால் 2004-இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்குப் பிடித்துப்போனது. பிஸ்கோன்டி, பெர்க்மன், போக்கர் மூவரும் அண்மையில் கணவரை இழந்த பெண்களிடம் மூன்று மாத காலம் தினமும் மனநிலையைக் கேட்டுப் பதிந்தார்கள். அந்தத் தினசரி எண்களைத் தடையுறு அலைவின் சமன்பாட்டில் பொருத்திப் பார்த்தார்கள். சுருளில் தொங்கும் எடையை இழுத்து விட்டால் மேலும் கீழும் ஆடி, ஆடும் தூரம் மெல்லக் குறைந்து அடங்குமே, அதே சமன்பாடு. நன்றாகவே பொருந்தியது.

மாதம் ஒருமுறை மட்டும் கேட்டிருந்தால் மெதுவாக ஏறும் ஒரு கோடுதான் கிடைத்திருக்கும். பம்பிலும் அப்படித்தான், அளக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அதிர்வே இல்லாத மாதிரி தெரியும். நேற்றைவிட இன்று மோசமாக இருப்பதால் ஒருவர் பின்னால் போகிறார் என்று ஆகாது. ஆட்டத்தின் வீச்சு வாரக் கணக்கில் குறைகிறதா என்பதுதான் கேள்வி. வெளியிலிருந்து வரும் தள்ளலும் உண்டு. தீபாவளி, திதி, தமிழ் முரசில் நினைவஞ்சலி கொடுக்கும் நாள் எல்லாம் அடங்கிக்கொண்டிருந்த அலைவை மறுபடி பெரிதாக்கும். அது தேதி தெரிந்த தள்ளல்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆய்வு அளந்தது மனநிலையின் ஏற்ற இறக்கத்தை. இழப்புக்கும் சீரமைப்புக்கும் இடையே ஒருவர் போய் வருவதை அது நேரடியாக அளக்கவில்லை. போய் வருவதுதான் ஆற்றுகிறதா, ஆறுவதால் போய் வர முடிகிறதா என்பதையும் அதை வைத்துச் சொல்ல முடியாது.

*

புறநானூற்றில் 245, 246 இரண்டும் அடுத்தடுத்த பாடல்கள். முதலாவது சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை மனைவியின் சிதை முன் பாடியது. அவள் தீயில் கிடக்கிறாள், நான் இன்னும் வாழ்கிறேனே, இது என்ன இயல்பு என்று அவன் தன்னையே கேட்கிறான். அடுத்தது பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது. நெய்யில்லாத உணவு, எள் துவையல், வேளைக் கீரை, பரற்கல் படுக்கை என்று கைம்பெண்ணின் நாட்களை அடுக்கி, அதைவிடத் தீயே மேல் என்கிறாள்.

இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது இரண்டு பக்கமும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பது தெரிகிறது. அரசன் வாழ்க்கைக்குத் திரும்பலாம், தான் வாழ்வதே அவனுக்கு வியப்பு. அரசிக்குச் சாகும்வரை இழப்புப் பக்கம் மட்டும்தான். உணவும் படுக்கையும்கூட அவள் திரும்பிவிடாதபடி விதிக்கப்பட்டிருக்கின்றன. பொட்டும் பூவும் எடுத்துவிட்டுச் சுப காரியங்களில் பின்வரிசையில் உட்கார வைப்பது அதன் தொடர்ச்சி. ஆணுக்கு வேறு வகை அடைப்பு. சடங்கு முடிந்ததும் வேலைக்குப் போ, தைரியமாக இரு. சிங்கப்பூரில் இரங்கல் விடுப்பு சட்டப்படி கட்டாயமில்லை. நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் தருகின்றன. பதினாறு நாள் சடங்கு இப்போது மூன்று நாள் விடுப்புக்குள் மடங்கிக் கிடக்கிறது.

இதைப் பற்றி ஸ்கட்டும் சகாக்களும் 1997-இல் ஒரு சோதனை செய்திருந்தார்கள். துணையை இழந்து மாதங்கள் கழிந்தும் துன்பம் தணியாத ஆண்களையும் பெண்களையும் இரண்டு வகை ஆலோசனைகளில் சேர்த்தார்கள். ஒன்று உணர்ச்சியைப் பேசுவது, மற்றது அன்றாடச் சிக்கல்களைத் தீர்ப்பது. ஆண்களுக்கு உணர்ச்சியைப் பேசுவதும் பெண்களுக்குச் சிக்கல் தீர்ப்பதும் கூடுதலாக உதவின. அவரவர் வழக்கமாக எதைச் செய்வதில்லையோ அதுவே பயன் தந்தது.

அப்படியானால் அப்பாவைப் பேசச் சொன்னது சரிதானே என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் நான் ஏழாவது வாரத்தில், அவர் கையிலிருந்த வேலையைப் பிடுங்கிவிட்டுப் பேசச் சொன்னேன். அந்தச் சோதனையில் இருந்தவர்களோ நாள்பட்டும் தணியாதவர்கள். அப்பாவுக்கு ஒரு பக்கம் அடைந்துபோயிருக்கவில்லை. அது எப்போது திறக்கும் என்று எனக்குப் பொறுமை இல்லாமல் இருந்தது.

அடைந்தே போவதும் உண்டு. நாள் முழுதும், ஏறக்குறைய தினமும், ஏக்கம் ஒன்றே மிஞ்சி, வேலை, குளியல், சாப்பாடு எதற்கும் திரும்ப முடியாமல் இருந்தால், அது நீடித்த துக்கம் என்ற நோய். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதற்குக் குறைந்தது ஆறு மாதம் என்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட அமெரிக்கக் கையேடு பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்கிறது. அப்போது வீட்டார் போதாது, மருத்துவரிடம் போகணும். மாறாக, இறந்தவர் பெயரையே எடுக்க விடாமல், படங்களையெல்லாம் கழற்றிவிட்டு எந்நேரமும் வேலையிலேயே இருப்பவரையும் கவனிக்கணும். நான் அப்பாவிடம் பார்க்க வேண்டியிருந்தது அவர் எங்கே நிற்கிறார் என்பதை அல்ல, அங்கிருந்து நகர்கிறாரா என்பதை.

போன மாதம் இரண்டாவது திதி வந்தது. அதற்கு முந்தின வாரம் அப்பா நினைவஞ்சலிக்குப் படம் தேடினார். ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன், எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு படத்தை எடுத்து நீட்டினார். பெனாங்கில் எடுத்தது, அம்மா குடையோடு நிற்கிறார்.

“இது நல்லாருக்குல்ல?”

“நல்லாருக்குப்பா.”

“அனுப்பிடு. அப்படியே அந்த எஸ்பி பில்லையும் பாரு, இந்த மாசம் கூட வந்திருக்கு.”